காலையில் 69,060, ராத்திரி 68,518: இடையில் போன 542 ரூபாயைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். காலையில் டூட்டி வண்டி ஏறுவதற்கு முன்னால், பணம் அனுப்பும் ஆப்பில் 3,000 திர்ஹம் என்று போட்டுப் பார்த்துவிட்டு, 69,060 ரூபாய் வரும் என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். அதை நம்பி இவர் களியக்காவிளையில் கம்பிக்கடைக்காரரிடம் 69,000 தருவதாகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்து வந்த கணவர், அதே கம்பெனியின் கவுன்டரில் பணத்தைக் கட்டியிருக்கிறார். ராத்திரி கணக்கில் விழுந்தது 68,518 ரூபாய் 38 பைசா.

"அதே 3,000 திர்ஹம், அதே கம்பெனி, அதே நாள். 542 ரூபாய் எங்கே போச்சு? பேங்க்ல பிடிச்சுட்டாங்களா, இல்ல இவரே நடுவுல எடுத்துக்கிட்டு எங்கிட்ட மறைக்கிறாரா?" என்று கேட்கிறார்.

பேங்க் பிடிக்கவில்லை. வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. ஆனால் அதை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. வாசகி அனுப்பிய ரசீதையே வைத்துக் கணக்குப் போட்டால் 542 ரூபாயும் கடைசிப் பைசா வரை கிடைத்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் அதே வழியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். (இங்கே வரும் டாலர் விலைகளைக் கணக்கு புரிவதற்கான உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாளின் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.)

முதலில் மூன்று காகிதம்

காலையில் தொகை காட்டிய ஸ்க்ரீன்ஷாட், பணம் கட்டியபோது கொடுத்த ரசீது, ஊரில் பேங்கிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ். இந்த மூன்றும் இல்லாமல் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. ஸ்க்ரீன்ஷாட்டில் நேரம் தெரிய வேண்டும், அது முக்கியம். ரசீதில் ரேட், சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் வாட், கையில் கொடுத்த மொத்த திர்ஹம், போய்ச் சேரும் ரூபாய் எல்லாம் இருக்கும். பலர் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் மடித்துப் போட்டுவிட்டு, ரேட்டை மட்டும் போனில் சொல்லுவார்கள். ரசீதை முழுதாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பணம் மூன்று இடத்தில்தான் குறைய முடியும். ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் ரசீதுக்கும் நடுவில் ரேட் மாறியிருக்கலாம். ரசீதுக்குள்ளேயே சார்ஜ் கழிந்திருக்கலாம். ரசீதுக்கும் பேங்க் எஸ்.எம்.எஸ்.சுக்கும் நடுவில் யாராவது பிடித்திருக்கலாம். எந்த இரண்டு காகிதத்துக்கு நடுவில் தொகை மாறுகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: ரசீதில் ரேட்டே குறைந்திருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

திர்ஹம் தன்னால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் திர்ஹம் ரேட் மாறினால், உண்மையில் மாறியது டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள விலை. எண்ணெய்க் கம்பெனிகள் டாலர் வாங்குவது, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுவிட்டுப் போவது, ரிசர்வ் வங்கி டாலரை விற்று ரூபாயைத் தாங்குவது என்று பகல் முழுக்க அந்த விலை அசைந்துகொண்டே இருக்கும். ரூபாய் பலப்பட்டால் நமக்கு வரும் தொகை குறையும், சரிந்தால் கூடும். டிவியில் "ரூபாய் கடும் சரிவு" என்று வரும் நாளில் எல்லையோர ஊர்களில் பல வீடுகளில் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

சந்தை எவ்வளவு அசைந்தது என்பதைத் திர்ஹம் கணக்குக்குக் கொண்டுவர, டாலர் அசைந்த பைசாவை 3.67ஆல் வகுத்தால் போதும். வாசகியின் ஸ்க்ரீன்ஷாட்டில் ரேட் 23.02, ரசீதில் 22.96. ஆக, ஒரு திர்ஹத்துக்கு 6 பைசா குறைந்திருக்கிறது. முந்தின நாள் டாலர் 85 ரூபாயில் முடிந்தது, அன்றைக்கு 84.78இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 22 பைசா இறக்கம். அதை 3.67ஆல் வகுத்தால் 6 பைசா. சரியாகப் பொருந்துகிறது. 3,000 திர்ஹத்துக்கு 180 ரூபாய். 542இல் முதல் பங்கு கிடைத்துவிட்டது.

இத்தோடு நிறுத்தாமல் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். டாலர் 85 ரூபாய் என்றால் ஒரு திர்ஹத்தின் சந்தை விலை 23.145. கம்பெனி காட்டியது 23.02. நடுவில் உள்ள 12.5 பைசா அவர்கள் லாபம். ராத்திரி சந்தை விலை 23.085, கொடுத்தது 22.96. அப்போதும் அதே 12.5 பைசா. லாபம் இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால், கம்பெனி சந்தையோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ராத்திரி மட்டும் அது 18, 20 பைசா என்று அகன்றிருந்தால், சந்தையைச் சாக்காக வைத்துக் கூடுதலாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது சட்டவிரோதம் அல்ல, ஆனால் அடுத்த மாதம் வேறு கம்பெனியைப் பார்க்க அது போதுமான காரணம்.

கூகுளில் காட்டும் ரேட்டைக் கொண்டுபோய்க் கவுன்டரில் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். லாபத்தை அளக்க அது உதவும், அந்த விலைக்குக் கவுன்டரில் பணம் அனுப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், நேரம். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மும்பைச் சந்தையில் டாலர், ரூபாய் வியாபாரம் நம் நேரம் காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகல் 3.30க்கு முடிகிறது. அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே அது காலை 7.30 முதல் மதியம் 2 மணி வரை. வாசகியின் கணவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது ஷார்ஜா நேரம் காலை 6.15க்கு, இங்கே 7.45. சந்தை இன்னும் திறக்கவே இல்லை. அவர் பார்த்தது பெரும்பாலும் முந்தின நாள் விலையை ஒட்டிய ரேட். பணம் கட்டியது அங்கே ராத்திரி 7.30க்கு, இங்கே 9 மணி. அப்போது சந்தை மூடி அஞ்சரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆக வாசகி ஒப்பிட்டது ஒரே நாளின் காலையையும் மாலையையும் அல்ல. முந்தின நாள் முடிவையும் அன்றைய முடிவையும் ஒப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு முழு நாள் வியாபாரம் நடந்து முடிந்திருக்கிறது.

மும்பை மூடிய பிறகும் லண்டன், நியூயார்க், சிங்கப்பூர் பக்கம் ரூபாய் மீது வேறு வகை வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கும். மறுநாள் மும்பை எந்த விலையில் திறக்கும் என்பது கம்பெனிக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பயத்துக்காகச் சிலர் ராத்திரியில் ரேட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைப்பார்கள். சனி, ஞாயிறும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை விலையில் பாதுகாப்புக்காக ஓரிரண்டு பைசா குறைத்து இரண்டு நாளும் அப்படியே நிற்கும். வெள்ளி மாலை பார்த்ததைவிடச் சனி காலையில் ரேட் குறைவு, ஆனால் சந்தையே நடக்கவில்லை என்றால், அது இந்தப் பாதுகாப்புக் கழிவு. வேலைநாளில் அங்கே காலை 8 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் ஆப்பில் அனுப்ப முடிந்தால், அந்த நேரத்துச் சந்தையையே பார்த்து அனுப்பலாம். டூட்டியில் இருக்கிறவருக்கு டீ குடிக்கும் இடைவெளி போதும்.

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வரி. சவுதி ரியாலும் (டாலருக்கு 3.75) ஓமன் ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை, இதே கணக்கு பொருந்தும். குவைத் தினார் 2007 முதல் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையைப் பார்த்து நகர்கிறது. சிங்கப்பூர், மலேசியா நாணயங்கள் இப்போது டாலரோடு கட்டப்பட்டவை அல்ல. அங்கிருந்து அனுப்பினால் இரண்டு பக்கமும் அசையும், அதனால் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் கூடுதலாக இருக்கலாம்.

அறிகுறி: ரேட்டைப் போட்டுப் பெருக்கினாலும் ரூபாய் ஒத்துவரவில்லை

3,000ஐ 22.96ஆல் பெருக்கினால் 68,880 வர வேண்டும். ரசீதில் 68,518.38 என்று இருக்கிறது. 361 ரூபாய் 62 பைசா இன்னும் காணவில்லை. இது சந்தை செய்த வேலை கிடையாது. சந்தை செய்ததெல்லாம் 22.96 என்ற எண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

ரசீதின் அடிப்பகுதியில் பதில் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் 15 திர்ஹம். அதன் மேல் 5 சதவீத வாட், 75 ஃபில்ஸ். மொத்தம் 15.75. கணவர் கையில் வைத்திருந்தது மூவாயிரம்தான். "இதுல எல்லாத்தையும் அனுப்பிடுங்க" என்று கொடுத்திருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் சார்ஜை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார். காலையில் ஆப் காட்டியதோ, சார்ஜைத் தனியாகக் கட்டினால் வரும் தொகை.

```
காலை:     3,000.00 × 23.02           = 69,060.00
ராத்திரி:  (3,000.00 − 15.75) × 22.96 = 68,518.38

ரேட்டால் குறைந்தது:   3,000 × 0.06  = 180.00
சார்ஜால் குறைந்தது:   15.75 × 22.96 = 361.62
மொத்தம்:                              541.62
```

பார்த்தீர்களா, மூன்றில் இரண்டு பங்கு சார்ஜ்தான். காலைக்கும் ராத்திரிக்கும் மாறிய ரேட், மீதி ஒரு பங்குக்குத்தான் காரணம்.

குறைந்தது சார்ஜாலா ரேட்டாலா என்று ஒரே பார்வையில் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ரேட்டால் வரும் குறைவு தொகைக்கு ஏற்பக் கூடும். 1,000 திர்ஹத்துக்கு 60 ரூபாய் என்றால் 3,000க்கு 180. சார்ஜ் அப்படி இல்லை, ஆயிரம் அனுப்பினாலும் மூவாயிரம் அனுப்பினாலும் அதே 361தான். அதனால் மாதத்தில் மூன்று தடவை ஆயிரம் ஆயிரமாக அனுப்புகிறவர்கள் ரேட்டில் ஆறு பைசா மிச்சம் பிடித்துவிட்டு, சார்ஜில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விட்டுவிடுகிறார்கள்.

"சார்ஜே கிடையாது" என்று சொல்லும் ஆப்பிலும் இதே கண்ணோடு பாருங்கள். சார்ஜ் பூஜ்யம், ஆனால் சந்தை விலைக்கும் அவர்கள் ரேட்டுக்கும் நடுவில் 30 பைசா இருக்கிறதென்றால், 3,000 திர்ஹத்துக்கு 900 ரூபாயை ரேட்டுக்குள்ளேயே மறைத்து வாங்கிவிட்டார்கள்.

முதல் தடவை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் நல்ல ரேட் கொடுக்கும் ஆப்களும் உண்டு. புதிதாகக் கணக்குத் தொடங்கிய நண்பன் போனில் பார்த்த ரேட்டை நம்பினால், உங்கள் ரசீது ஒருபோதும் ஒத்துவராது.

அறிகுறி: ரசீதில் ஒரு தொகை, ஊர் பேங்கில் அதைவிடக் குறைவு

வாசகியின் எஸ்.எம்.எஸ்.சிலும் 68,518.38, ரசீதிலும் 68,518.38. இந்தக் கட்டத்தில் ஒரு பைசா போகவில்லை. வளைகுடா எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அவர்கள் இந்திய பேங்குகளில் முன்கூட்டியே ரூபாயாகக் கணக்கு வைத்திருப்பார்கள். திர்ஹம் ரூபாயாக மாறுவது அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கே வருவது வெறும் ரூபாய் மாற்றம்.

அங்குள்ள பேங்க் கணக்கிலிருந்து டாலராகவோ திர்ஹமாகவோ அனுப்பினால் கதை வேறு. வழியில் இருக்கும் பேங்க் ஒன்று தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்தது வெளிநாட்டு நாணயத்தில் முழு எண்ணாக, 10 டாலர், 15 டாலர் என்று இருந்தால் அதுதான். அனுப்பும் படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்று ஒரு இடம் இருக்கும். `OUR` என்றால் அனுப்புகிறவர், `BEN` என்றால் வாங்குகிறவர், `SHA` என்றால் இருவரும் பங்கு. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் `SHA`தான் விழும். எங்கே கழிந்தது என்று தெரிய வேண்டுமானால், பேங்குகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலை, அனுப்பிய பேங்கில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்படி வரும் பணத்தை இங்கே ரூபாயாக மாற்றும்போது ஜி.எஸ்.டி. உண்டு. முழுத் தொகைக்கு 18 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் வரை, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அந்த ஒரு சதவீதத்தின் மேல் 18 சதவீதம். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையாது என்பதால் வரி 45 ரூபாய்க்குக் குறையாது. ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். பாஸ்புக்கில் 45 ரூபாய்க்கும் 180க்கும் நடுவில் ஒரு தனிக் கழிவு தெரிந்தால் அதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பொருந்திவிடும்.

அறிகுறி: "ரேட் லாக் ஆகிவிட்டது" என்றது, ஆனாலும் மாறிவிட்டது

ஆப்பில் 3,000 என்று தட்டியதும் தெரிவது விளம்பரப் பலகை மாதிரி, அதற்கு யாரும் பொறுப்பு இல்லை. ஆர்டரை உறுதி செய்த பிறகு, இத்தனை மணி வரை இந்த ரேட் என்று எழுதிக் காட்டினால்தான் அது லாக். அந்த லாக்கும் பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான் காத்திருக்கும். காலை 8 மணிக்கு ஆர்டர் போட்டு, பேங்க் கணக்கிலிருந்து பணத்தைச் சாயங்காலம் தள்ளினால், கெடு முடிந்து புது ரேட் போட்டுவிடுவார்கள். ஆர்டர் போட்ட கையோடு பணத்தையும் கட்டிவிட வேண்டும். பணம் உடனே போய்ச் சேராத வழியாக இருந்தால், எத்தனை மணி நேர லாக் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வித்தியாசம் நம்பும்படியாக இல்லை

3,000 திர்ஹத்துக்கு ரேட்டால் மட்டும் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், கணக்கைத் திருப்பிப் போடுங்கள். திர்ஹத்துக்கு 33 பைசா. 3.67ஆல் பெருக்கினால் டாலர் ஒரே நாளில் 1 ரூபாய் 22 பைசா இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கும் நாள் அபூர்வம், நடந்தால் அன்று செய்தியில் அதுதான் தலைப்பு. தலைப்பு இல்லை என்றால், ரசீதை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பிடித்தது இந்திய பேங்க் என்றால் முதலில் அந்த பேங்கில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ `cms.rbi.org.in` வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ரசீதே இல்லை, "நம்ம ஆள்கிட்ட கொடுத்துவிட்டேன், ராத்திரியும் இதே ரேட், சார்ஜும் கிடையாது" என்று பதில் வந்தால், அது ஹவாலா என்கிற குழல்பணம். அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது என்பது ஒரு பக்கம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு ரூபாய் விழும், நாளைக்கு அந்தக் கணக்கு ஏதாவது மோசடி வழக்கில் மாட்டினால் உங்கள் கணக்கையும் சேர்த்து முடக்குவார்கள். ஐம்பது ரூபாய் மிச்சத்துக்காக வீடு கட்டும் பணம் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும்.

கம்பிக்கடைக்கு 69,000 வேண்டும் என்றால்

வாசகி அடுத்த மாதமும் இதே கடைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அப்படியானால் கணவர் 3,000 திர்ஹம் என்று தொடங்கக் கூடாது. ஆப்பில் அனுப்பும் தொகைக்குப் பக்கத்திலேயே பெறும் தொகைக்கும் கட்டம் இருக்கும். அதில் 69,000 என்று போட வேண்டும். 22.96 ரேட்டில் அதற்கு 3,005.23 திர்ஹம் ஆகும், சார்ஜையும் வாட்டையும் சேர்த்தால் 3,020.98. அதாவது கையில் 3,021 திர்ஹம் இருக்க வேண்டும். கவுன்டரில் போய்க் கட்டினாலும் "எவ்வளவு அனுப்பணும்" என்று கேட்டால் திர்ஹத்தைச் சொல்லாமல், "ஊரில் 69,000 ரூபாய் சேரணும், நான் எத்தனை தரணும்" என்று திருப்பிக் கேட்கட்டும். ரேட், சார்ஜ், வாட் எல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் வந்துவிடும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடவும் அதே கேள்வி போதும், ஆனால் இரண்டு இடத்திலும் அதே பத்து நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். காலையில் ஒன்றையும் ராத்திரி ஒன்றையும் பார்த்து ஒப்பிட்டால் மறுபடியும் 180 ரூபாய் தகராறுதான் வரும்.

கடைக்காரரிடம் சொல்லும்போதும், ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துச் சொல்லாமல், எஸ்.எம்.எஸ். வந்த பிறகு சொல்லுங்கள்.